பெரிய கோவில் நிழலும் வடக்கு ஜன்னல் வெயிலும்: தாளில் நிழல் போட்டுப் பார்ப்பது

தஞ்சாவூர்ப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்போம். பள்ளிக்கூட வினாடி வினா முதல் வாட்ஸ்அப் வரைக்கும் இது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதை மறுக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். காலை எட்டு மணிக்கு விமானத்துக்கு மேற்கே போய் நின்றால் போதும். நிழல் பிராகாரத் தரையைக் கடந்து திருச்சுற்று மாளிகை மேலேயே ஏறி நிற்கும்.

"சரி, காலையில விழும். உச்சி வேளையில விழாதுன்னுதான் சொல்றோம்" என்று சிலர் திருத்திக்கொள்வார்கள். இந்தத் திருத்தம் சுவாரசியமானது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் பிழையும் இருக்கிறது. எது எது என்று தெரிய ஒரு கிராஃப் தாள், மூலைமட்டம், பாகைமானி, பென்சில் இருந்தால் போதும். கட்டடக் கலை படிக்கிறவர்கள் முதல் வருடத்தில் நிழல் போடுவது என்று ஒரு பாடம் படிப்பார்கள். கட்டடத்தின் பிளானையும் எலிவேஷனையும் வைத்துக்கொண்டு, வெயில் எங்கே படும், நிழல் எங்கே முடியும் என்று கோடு போட்டே கண்டுபிடிப்பது. விமானத்தில் அதைத் தொடங்கி, நம்ம ஊர் வீட்டு முகப்பில் ஒரு ஜன்னலுக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். எனக்கு முக்கியம் அந்த ஜன்னல்தான்.

உச்சி வேளையில் விமானம்

நிழல் போட இரண்டே விஷயம் தெரிந்தால் போதும். சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது, அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது. திசை பிளானில் கோடாகும். உயரம் எலிவேஷனில் கோடாகும்.

உச்சி வேளைக்கு இது ரொம்ப சுலபம். தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10.8 பாகையில் இருக்கிறது. மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், சூரியன் உச்சியில் நம் தலைக்கு நேர் மேலே இருக்காது. தெற்கே 10.8 பாகை சாய்ந்து நிற்கும். டிசம்பர் 21-ல் இதோடு இன்னொரு 23.4 பாகை சேர்ந்து, தெற்கே 34.2 பாகை சாயும். ஜூன் 21-ல் சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடும். வடக்குப் பக்கம் 12.6 பாகை சாய்வு.

விமானத்துக்கு வழக்கமாகச் சொல்லும் உயரம் 216 அடி, அதாவது 66 மீட்டர். அடித்தளம் ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர் சதுரம். 5 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று அளவு வைத்து, மேற்கிலிருந்து பார்க்கிற மாதிரி எலிவேஷன் வரைவோம். அடி 6 சென்டிமீட்டர், உயரம் 13.2 சென்டிமீட்டர். படத்தில் இடது கை வடக்கு, வலது கை தெற்கு.

இப்போது மார்ச் 21 உச்சி. சிகரத்தின் நுனியிலிருந்து, செங்குத்துக்கு 10.8 பாகை சாய்வாக வடக்குப் பக்கம் ஒரு கோடு இறக்கினால், அது மையத்திலிருந்து 2.5 சென்டிமீட்டரில் தரைக் கோட்டைத் தொடும். நிஜத்தில் 12.6 மீட்டர். அடித்தளத்தின் பாதி 15 மீட்டர். ஆக, நுனியின் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்து முடிகிறது, தரைக்கு வரவே இல்லை! அந்தக் கதையில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

ஆனால் ஒரு கட்டடத்தின் நிழல் என்பது அதன் நுனியின் நிழல் மட்டும் இல்லை. விமானத்தின் கீழ்ப்பகுதி கூம்பு கிடையாது. கர்ப்பகிருகத்தைச் சுற்றி இரண்டு அடுக்காகச் செங்குத்துச் சுவர் எழும்பி, அதற்கு மேலேதான் தளம் தளமாக உள்ளே சரிகிறது. அந்தச் சுவரின் உச்சி விளிம்பு தரையிலிருந்து 15 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதே 10.8 பாகைக் கோட்டை அங்கிருந்து இறக்கிப் பாருங்கள். சுவரிலிருந்து கிட்டத்தட்ட 3 மீட்டர் வெளியே போய் விழும். துருத்திக்கொண்டிருக்கும் அடிப்பீடம் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மிச்சம் தரையில்தான். 66 மீட்டர் உயரத்து நுனி செய்யாததை 15 மீட்டர் உயரத்து விளிம்பு செய்கிறது.

இங்கே கையால் நிழல் போடுகிறவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. நிழலின் கடைசி எல்லையை எந்த விளிம்பு உண்டாக்குகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது. மூலைமட்டத்தை வெயிலின் சாய்வில் வைத்து, வெளியிலிருந்து கட்டடத்தை நோக்கி மெதுவாக நகர்த்த வேண்டும். முதலில் எந்தப் புள்ளி இடிக்கிறதோ அதுதான் நிழல் எல்லையைப் போடும் புள்ளி. மார்ச்சில் அது சுவர் விளிம்பு. டிசம்பரில் அதே மூலைமட்டத்தை 34.2 பாகை சாய்த்து நகர்த்தினால் நுனிதான் முதலில் இடிக்கும். அப்போது நிழல் மையத்திலிருந்து 45 மீட்டர், அதாவது அடித்தளத்தைத் தாண்டி வடக்கே 30 மீட்டர் தரையில் கிடக்கும், உச்சி வேளையிலேயே. சண்டிகேசுவரர் சன்னதி இருக்கிற பக்கம்.

நிழலே இல்லாத உச்சி வேளை வருடத்துக்கு இரண்டு உண்டு. ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி ஒரு நாள். அன்றைக்குச் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் மேலே வரும். ஆனா அன்னிக்கு ரயிலடி விளக்குக் கம்பத்துக்கும் நிழல் இருக்காது.

45 பாகை வெயில் நம்ம ஊருக்கு வருமா?

பாடப் புத்தகத்தில் நிழல் போடும்போது சூரியனைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். வெயில் முகப்பைப் பார்த்து நிற்பவரின் இடது தோளுக்கு மேலிருந்து வருவதாகவும், பிளானிலும் எலிவேஷனிலும் 45 பாகைக் கோடாகத் தெரிவதாகவும் ஒரு மரபு. ஐரோப்பியக் கலைப் பள்ளிகளில் வளர்ந்த மரபு இது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு பலகை சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் நிழலும் சரியாக 60 சென்டிமீட்டர் கீழே இறங்கும். படத்தைப் பார்த்தே எது எவ்வளவு துருத்துகிறது என்று படித்துவிடலாம். படம் அழகாக வருவதற்கு அது போதும்.

ஆனால் அது வெயிலைப் பற்றி எதுவும் சொல்லாது. பிளானிலும் எலிவேஷனிலும் 45 பாகையாகத் தெரியும் கதிரின் உண்மையான உயரம் 35 பாகை சொச்சம். நாலு திசை பார்த்த வீட்டுக்கு அந்தக் கதிர் வர வேண்டுமானால், சூரியன் சரியாகத் தென்மேற்கிலோ தென்கிழக்கிலோ வடமேற்கிலோ வடகிழக்கிலோ 35 பாகை உயரத்தில் நிற்க வேண்டும். தஞ்சாவூரில் சூரியன் தென்மேற்கையோ தென்கிழக்கையோ கடக்கும்போது மிகக் குறைந்த உயரமே 41 பாகை, அதுவும் டிசம்பர் 21-ல். வடக்குப் பக்கத்து மூலைகளைக் கடக்கும்போது 71 பாகைக்குக் கீழே வருவதே இல்லை. ஆக, பாடப் புத்தக வெயில் நேர் திசையில் கட்டின ஒரு தஞ்சாவூர் வீட்டின் மேல் வருடத்தில் ஒரு நிமிஷம்கூட அடிக்காது. முகப்பில் வெயில் எப்படி விழும் என்று தெரிய வேண்டுமானால் நம்ம ஊர் சூரியனைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கத்திரியில் வடக்கு ஜன்னல்

டெல்டாவில் பல ஊர்களில் தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடும். ஒரு சாரி வீடுகள் தெற்குப் பார்த்தவை, எதிர்ச்சாரி வடக்குப் பார்த்தவை. வடக்கு ஜன்னலில் வெயில் வராது, வெளிச்சம் மட்டும் வரும் என்பது வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் நாடுகளில் எழுதின புத்தகங்களின் கருத்து. அங்கே அது கிட்டத்தட்டச் சரியும்கூட.

இங்கே ஏப்ரல் 18-லிருந்து ஆகஸ்ட் 25 வரைக்கும் நிலைமை தலைகீழ். அந்த நாலு மாதமும் தெற்குச் சுவரில் நேர் வெயில் எந்த நேரத்திலும் படாது. காலை முதல் மாலை வரை சூரியன் சுவருக்கு வடக்கேதான் போகும். கத்திரி வெயில் முழுக்க இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது.

ஒரு வடக்கு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். அகலம் 120 சென்டிமீட்டர், உயரம் 135. மேலே 60 சென்டிமீட்டர், அதாவது 2 அடி நீட்டின கான்கிரீட் சன்ஷேடு. ஜன்னலின் இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் அதிகமாக விட்டிருக்கிறது. புது வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கிற அளவுதான். தேதி மே 21. சூரியக் கணக்குப்படி பிற்பகல் 3 மணி.

அந்த நேரத்தில் சூரியன் மேற்கிலிருந்து 18 பாகை வடக்கே தள்ளி, 46 பாகை உயரத்தில் இருக்கும். இந்த இரண்டு எண்ணும் சூரியப் பாதைப் படத்திலிருந்து எடுக்கலாம். கணக்குப் போட்டும் எடுக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் வேலை, பிளானை முகப்பு கீழே பார்க்கிற மாதிரி திருப்பி வைப்பது. வடக்கு மேலே என்று பழகின கைக்கு இது கொஞ்சம் இடறும். வடக்கு முகப்பைத் தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு வலது கை மேற்கு, இடது கை கிழக்கு. திருப்பின பிளானிலும் அப்படியே இருக்கும். அதற்கு நேர் கீழே எலிவேஷன். இரண்டும் ஒரே அளவில், 20-க்கு 1 என்று வைத்தால் சன்ஷேடு நீட்டம் படத்தில் 3 சென்டிமீட்டர் வரும்.

இரண்டாவது, பிளானில் சன்ஷேடின் மேற்கு வெளி மூலையைப் பிடிக்க வேண்டும். வெயில் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, சுவரோடு 18 பாகைக் கோணத்தில். மூலையிலிருந்து அந்தச் சாய்வில் ஒரு கோடு இழுத்தால் சுவரைப் போய் ஒரு இடத்தில் தொடும். அந்த இடம் மூலையிலிருந்து கிழக்கே 185 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். சாய்கோட்டின் நீளத்தை அளந்தால் 194 சென்டிமீட்டர். இந்த 194-ஐக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஓரமாகத் தனியே ஒரு செங்கோண முக்கோணம். அடி 194, ஒரு முனையில் 46 பாகை. எதிர்ப் பக்கத்தை அளந்தால் 201 சென்டிமீட்டர் வரும். அந்தக் கதிர் சன்ஷேடு விளிம்பிலிருந்து சுவரைத் தொடுவதற்குள் அவ்வளவு கீழே இறங்கியிருக்கும். வெயிலின் உயரத்தை நேராக எலிவேஷனில் 46 பாகையாகப் போடக் கூடாது என்பதற்குத்தான் இந்த முக்கோணம். எலிவேஷனில் தெரியும் கோணம் உண்மையான உயரம் இல்லை, சுவரில் விழுந்த அதன் சாயல்.

நாலாவது, பிளானில் சுவரைத் தொட்ட புள்ளியிலிருந்து எலிவேஷனுக்கு நேர் கீழே ஒரு கோடு. சன்ஷேடு அடியிலிருந்து 201 இறங்கின மட்டத்தில் ஒரு கிடைக்கோடு. இரண்டும் சந்திக்கிற இடம்தான் அந்த மூலையின் நிழல். சன்ஷேடு சுவரில் பதிந்திருக்கிற மேற்கு முனைக்கு நிழல் அங்கேயேதான். அந்த முனையையும் கண்டுபிடித்த நிழல் புள்ளியையும் சேர்த்தால் ஒரு சாய்கோடு வரும். வலது மேலிருந்து இடது கீழே இறங்கும் கோடு. அதற்கு மேலே நிழல், கீழே வெயில்.

இப்போது ஜன்னலைப் பாருங்கள். சன்ஷேடு நிழல் 201 சென்டிமீட்டர் இறங்குகிறது, ஜன்னல் உயரம் 135-தான். எண்ணை மட்டும் பார்த்தால் ஜன்னல் முழுக்க நிழலில் இருக்க வேண்டும். படத்திலோ அந்தச் சாய்கோடு ஜன்னலைக் குறுக்கே வெட்டுகிறது. மேற்குப் பக்கம், அதாவது படத்தில் வலது கீழ் மூலையில் பெரிய வெயில் முக்கோணம். அடிக்கட்டையில் 109 சென்டிமீட்டர் அகலம், உயரம் 119. கணக்குப் பார்த்தால் ஜன்னலில் 40 சதவீதம்.

இதைச் சரிசெய்ய சன்ஷேடை 3 அடியாக்கினால் போதுமே என்று முதலில் தோன்றும். படத்தில் 90 சென்டிமீட்டர் போட்டு அதே நாலு வேலையையும் திரும்பச் செய்து பாருங்கள். மூலையின் நிழல் இன்னும் கிழக்கே, இன்னும் கீழே போகும், ஆனால் அதே சாய்கோட்டின் மேல்தான் போகும். கோட்டின் சாய்வைத் தீர்மானிப்பது சூரியன், பலகையின் நீட்டம் இல்லை. வெயில் முக்கோணம் துளிக்கூடக் குறையாது. ஒரு அடி கான்கிரீட் வீண்.

பலகை இங்கே தோற்பது ஆழத்தில் இல்லை, முனையில். மேற்கு முனையைத் தாண்டி வெயில் பக்கவாட்டில் உள்ளே நுழைகிறது. அதை அடைக்க சன்ஷேடை மேற்கே நீட்டலாம், ஆனால் 4 அடிக்குக் குறையாமல் நீட்ட வேண்டும். இன்னொரு வழி, ஜன்னலின் மேற்குக் கட்டையை ஒட்டிச் செங்குத்தாக ஒரு பலகை, சன்ஷேடிலிருந்து அடிக்கட்டை வரை. 18 பாகைக் கோட்டைப் பிளானில் போட்டால் 40 சென்டிமீட்டர் நீட்டின பலகை கிழக்கே 123 சென்டிமீட்டர் தூரம் நிழல் போடும். ஜன்னல் அகலம் 120. சரியாக உட்கார்கிறது. அந்தச் செங்குத்துப் பலகையின் நிழல் தன் மேல் முனையிலிருந்து இறங்கும் சாய்கோட்டுக்குக் கீழே விழும். சன்ஷேடின் நிழல் அதற்கு மேலே. ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. தனிப் பலகை வேண்டாம் என்றால், கனமான சுவராக இருக்கும் பட்சத்தில் ஜன்னலை 40 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பதித்தாலும் இதே பலன்தான்.

இந்த 40 சென்டிமீட்டர் மூணு மணிக்கு மட்டும் பொருந்துகிற எண் என்று நினைத்துவிட வேண்டாம். மே மாதப் பிற்பகலில் ஒரு வினோதம் இருக்கிறது. மூணு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் சூரியனின் உயரம் 46 பாகையிலிருந்து 11 பாகைக்கு இறங்கிவிடும், ஆனால் திசை 17-க்கும் 19-க்கும் நடுவிலேயே நிற்கும். அதனால் நேரம் ஆக ஆக சன்ஷேடு பலமிழந்துகொண்டே போகும். மூணு மணிக்கு 201 சென்டிமீட்டர் இறங்கின நிழல், நாலரைக்கு 93, ஐந்தரைக்கு 35. செங்குத்துப் பலகையோ கிட்டத்தட்ட அதே 120 சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஜூன் கடைசியில் சூரியன் இன்னும் நாலைந்து பாகை வடக்கே நகரும். அப்போது அதே பலகை 100 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் மறைக்கும். அதையும் சேர்த்துப் பிடிக்க 50 சென்டிமீட்டர் வைக்கலாம். காலை வெயிலுக்கு இதே படத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பினால் போதும், கிழக்குக் கட்டையில் இன்னொரு பலகை வரும்.

சேர்த்துக் கட்டின வீடுகளின் இறவாரம்

இந்தப் படத்தைப் போட்ட பிறகு பழைய தெருவின் திண்ணை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. வீட்டு வாசலில் 6 அடி நீட்டின ஓட்டுச் சாய்ப்பு, பக்கத்து வீட்டுச் சாய்ப்போடு ஒட்டி, தெரு நெடுக ஒரே இறவாரமாக ஓடும். நடுவில் இருக்கும் வீடுகளுக்கு மேற்கு முனை என்பதே கிடையாது. முனை இல்லாவிட்டால் சாய்கோடும் இல்லை, வெயில் முக்கோணமும் இல்லை. ஆழம் மட்டும்தான் கணக்கு.

அந்த ஆழமும் தாராளம். மே 21, மூணு மணிக்கு இந்த 180 சென்டிமீட்டர் சாய்ப்பின் நிழல் 6 மீட்டர் இறங்க வேண்டும், சுவர் அதில் பாதி உயரம்கூட இருக்காது. சாரியின் மேற்குக் கடைசி வீட்டுக்கு மட்டும் முனை உண்டு. 3 மீட்டர் உயரச் சாய்ப்பானால் அந்த வீட்டில் தரைமட்டத்தில் முதல் இரண்டே முக்கால் மீட்டர் வரைக்கும் வெயில் நுழையும், மேலே போகப் போகக் குறையும். கடைசி வீட்டுத் திண்ணையின் மேற்குப் பக்கத்தைச் சுவர் வைத்து அடைத்தால் அதுவும் தீர்ந்தது. நம்ம ஜன்னலின் செங்குத்துப் பலகை செய்கிற அதே வேலை.

இந்தச் சாய்ப்புக்கும் எல்லை உண்டு. ஐந்தரை மணிக்கு அதன் நிழல் 106 சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்குக் கீழே சுவரும் திண்ணையும் வெயிலில்தான் இருக்கும். கீற்றுத் தட்டியோ மூங்கில் பாயோ தொங்கவிடுவது அந்த நேரத்துக்குத்தான். அதே தெருவில் ஒரு வீட்டை இடித்துச் சாய்ப்பில்லாத முகப்பாகக் கட்டினால், அதற்குக் கிழக்கே இருக்கும் வீடு ஒரே நாளில் "கடைசி வீடு" ஆகிவிடும். இதுவரை இல்லாத முனை அதற்கு வந்துவிடும். வரைந்து பார்க்காமல் இது கண்ணில் படாது.

எங்கே தப்பும், எப்படிக் கண்டுபிடிப்பது

மூன்று இடத்தில் படம் பொய் சொல்லும்.

ஒன்று, கை மாறுவது. பிளானைத் திருப்பாமல் எலிவேஷன் போட்டால் நிழல் எதிர்ப் பக்கம் ஓடும். இதைச் சோதிப்பது எளிது. பிற்பகல் நிழல் எந்தச் சுவரிலும் கிழக்கே நகர வேண்டும். வடக்கு முகப்பு என்றால் தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு இடப்பக்கம். வலப்பக்கம் ஓடினால் படம் தலைகீழ்.

இரண்டு, கடிகாரம். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, தஞ்சாவூர் அதற்கு மேற்கே 79-ல் இருக்கிறது. அதனாலும் சூரியனின் சொந்த வேகக் குளறுபடியாலும் உச்சி வேளை 12 மணிக்கு வராது. மே 21-ல் 12.10-க்கு, பிப்ரவரி நடுவில் 12.28-க்கு, நவம்பர் தொடக்கத்தில் 11.57-க்கு. மேலே போட்ட மூணு மணிப் படத்தைச் சுவரோடு ஒப்பிடப் போகிறவர் கடிகாரத்தில் 3.10-க்குப் போக வேண்டும்.

மூன்றுதான் பெரியது, தெருவின் திசை. கிழக்கு மேற்குத் தெரு என்று சொல்வது பேச்சு வழக்கு. முகப்பு வடக்கிலிருந்து 10 பாகை மேற்கே திரும்பியிருந்தால், வெயில் சுவரோடு 18-க்குப் பதில் 28 பாகையில் வரும். சன்ஷேடு நிழல் 201 இறங்குவதற்குப் பதில் 132-தான் இறங்கும். எதிர்ப் பக்கம் 10 பாகை திரும்பியிருந்தால் 446 இறங்கும்! வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும்போது சின்னப் பிழையும் இப்படித்தான் ஊதிப் பெரிசாகும். அதனால் படத்தில் கதிர் சுவரோடு 10 பாகைக்கும் குறைவாக வந்தால், அந்த எண்ணை நம்பி எதையும் கட்டாதீர்கள். வீட்டு மனையின் திசையை முதலில் சரியாக எடுக்க வேண்டும்.

திசை எடுக்கவும், சூரியனின் இரண்டு எண்களை எடுக்கவும் நான் முன்பு சொன்ன அந்த இன்னொரு வழி, ஒரு குச்சி. மயமதம் போன்ற பழைய சிற்ப நூல்கள் சங்கு நட்டுக் கிழக்கு மேற்கைக் கண்டுபிடிக்கச் சொல்வதும் இதே வேலைதான். மட்டமான தரையில் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக் குண்டு வைத்து நேராக நடுங்கள். வேண்டிய நேரத்தில் நிழலின் நுனியைக் குறித்து, குச்சியின் அடியோடு சேர்த்துக் கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் பிளானில் போட வேண்டிய வெயில் கோடு. வீட்டுச் சுவருக்கு இணையாக ஒரு நூல் கட்டி, இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்தால் வடக்கு எது என்றே தெரிய வேண்டாம். நிழலின் நீளம் அடியாகவும் ஒரு மீட்டர் உயரமாகவும் ஒரு முக்கோணம் போட்டால் சூரியனின் உயரம் கிடைத்துவிடும்.

மே 21 பிற்பகல் 3.10-க்கு அந்தக் குச்சியின் நிழல் 97 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சரியான கிழக்கு மேற்குத் தெருவானால், நூலோடு 18 பாகை விலகி, சுவரை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நீளம் சரியாக வந்து கோணம் மட்டும் மாறினால், மாறியிருப்பது சூரியன் இல்லை, உங்கள் தெரு.